உண்டியல் திறப்பு, ரசீதுக் கட்டு, கோயில் செலவு: தணிக்கைக் கேள்வி பதில்

ஊர்க்காரர்களே அறக்கட்டளை வைத்து நடத்தும் கோயில்களின் கணக்கைப் பல வருடங்களாகத் தணிக்கை செய்கிறேன். அறநிலையத் துறை நிர்வாகத்தில் உள்ள கோயில்களுக்குத் தனி விதிகளும் தனித் தணிக்கையும் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே நான் பேசவில்லை.

உண்டியல் வசூல் திடீரென்று குறைந்துவிட்டது. யாரையும் சந்தேகப்பட மனசில்லை. கணக்கைப் பார்த்தே ஏதாவது சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். மொத்தத் தொகையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எந்த நோட்டு எத்தனை என்று பாருங்கள்.

நான் பார்த்த ஒரு அம்மன் கோயிலில் முதல் திறப்பு 48 நாள் வசூல், 1,92,000 ரூபாய். அடுத்தது 45 நாள் வசூல், 1,35,000. நாளுக்கு 4,000 வந்துகொண்டிருந்தது 3,000 ஆகிவிட்டது. நிர்வாகிகள் "ஊரில் பணப்புழக்கம் இல்லை" என்றார்கள். பணப்புழக்கம் குறைந்தால் பத்து ரூபாய், இருபது ரூபாய், சில்லறை எல்லாமே குறைய வேண்டும். ஆனால் 500 ரூபாய் நோட்டைத் தவிர்த்துப் பார்த்தால் இரண்டு திறப்பிலும் அதே 87,000 இருந்தது. 500 ரூபாய் நோட்டு மட்டும் 210-லிருந்து 96 ஆகியிருந்தது. பக்தர்கள் வருகிறார்கள், காணிக்கையும் போடுகிறார்கள், ஒரே ஒரு நோட்டு மட்டும் பாதியாகிறது. அப்படியென்றால் உண்டியலுக்கும் எண்ணும் மேசைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்த திறப்புக்கு நானே போய் உட்கார்ந்தேன். ஜமக்காளத்தில் கொட்டியதும் ஒருவர் 500 ரூபாய் நோட்டுகளை மட்டும் பொறுக்கி, ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டே வந்தார். "பெரிய நோட்டு பத்திரமாக இருக்கட்டும்" என்று அந்தத் தாம்பாளம் எண்ணுவதற்கு முன்பே இரண்டு முறை உள் அறைக்குப் போய்வந்தது. அவர் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. எண்ணாத பணம் எல்லோர் கண்ணையும் விட்டு விலகியது, அதுதான் குறை. அன்றைக்கே மாற்றினோம். பிரிப்பவர் எண்ணக் கூடாது, எண்ணுபவர் எழுதக் கூடாது, எந்தத் தட்டும் ஜமக்காளத்தை விட்டு நகரக் கூடாது.

ஐயா, நீங்கள் சொல்வது சரியில்லை. பெரிய நோட்டு போடுகிறவர்கள்தான் இப்போது க்யூஆரில் போடுகிறார்கள். எங்கள் கோயிலில் அப்படித்தான் குறைந்தது, திருட்டே இல்லை.

உங்கள் கோயிலில் அப்படி இருக்கலாம். அதனால்தான் வங்கிக் கணக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அந்தக் கோயிலில் க்யூஆர் வரவு முதல் காலத்தில் நாளுக்கு 600 ரூபாய், இரண்டாவது காலத்தில் 630. 500 ரூபாய் நோட்டு வரவோ நாளுக்குச் சுமார் 2,190-லிருந்து 1,070-க்கு இறங்கியிருக்கிறது. 1,100 ரூபாய் பள்ளத்தை 30 ரூபாய் நிரப்பாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தூணில் ஒட்டியிருக்கும் க்யூஆர் யார் கணக்குக்குப் போகிறது என்று மாதம் ஒருமுறை பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். சில இடங்களில் செயலாளரின் சொந்தக் கணக்கே இருக்கும், "டிரஸ்ட் கணக்கில் க்யூஆர் கிடைக்க நாளாகும் என்று இதைப் போட்டோம்" என்பார்கள்.

நான்தான் மறுபடியும். முதல் காலத்தில் தைப்பொங்கல், தைப்பூசம் வந்திருந்தால்? விசேஷ நாளில் பெரிய நோட்டு விழும்தானே?

நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முதல் காலத்தில் தைப்பூசம் இருந்தது. முந்தைய வருடத்துத் தை மாதத் திறப்போடு ஒப்பிடலாம் என்று பதிவேட்டைக் கேட்டேன். அதில் மொத்தத் தொகை மட்டும் இருந்தது, நோட்டு வாரியாக எழுதவில்லை. முறையை மாற்றியபின் விசேஷமே இல்லாத காலத்தில் 500 ரூபாய் நோட்டு நாளுக்கு 1,900 வரை ஏறியது. அதனால் என் சந்தேகம் வலுத்தது. ஆனால் யார், எவ்வளவு என்று கணக்கு சொல்லாது. நோட்டு வாரியாக எழுதி வைத்திருந்தால் உங்கள் கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்திருக்கும்.

எண்ணிய பணத்திலிருந்து பூக்கடை, சமையல்காரர் பாக்கியை அன்றைக்கே கொடுத்துவிட்டு மீதியை வங்கியில் கட்டலாமா?

கூடாது. பதிவேட்டில் உள்ள தொகையும் வங்கிச் சலானில் உள்ள தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். செலவுக்குத் தனியாகக் காசோலை போட்டு எடுங்கள்.

சில்லறையை எடை போட்டு எண்ணலாமா?

வகை பிரித்தபின் போடலாம், கலந்து போட்டால் தப்பாகும். ஒரு ரூபாய்க் காசிலேயே பழையது 4.85 கிராம், 2011-இல் வந்தது 3.79, 2019-இல் வந்தது 3.09. மூன்றும் ஒரே மூட்டையில் இருந்தால் எடையை வைத்து எண்ணிக்கை சொல்ல முடியாது.

நன்கொடை ரசீதுகளை எப்படிச் சோதிப்பீர்கள்? அடிக்கட்டை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

அடிக்கட்டை எப்போதும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் தப்பு நடப்பது அடிக்கட்டையே இல்லாத புத்தகத்தில். முதலில் அச்சகத்தின் பில்லை எடுங்கள். எத்தனை புத்தகம், எந்த எண் முதல் எந்த எண் வரை அடித்தார்கள் என்று அதில் இருக்கும். அந்த எண்களில் பயன்படுத்தியது போக மீதிப் புத்தகங்கள் பீரோவில் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம் கோயிலைச் சுற்றி ஒருமுறை நடங்கள். கும்பாபிஷேகக் கல்வெட்டில், மின்விசிறி இறக்கையில், ட்யூப்லைட்டில், அன்னதான அழைப்பிதழில் உபயதாரர் பெயர் இருக்கும். அவற்றை எழுதிக்கொண்டு வந்து ரசீதுப் பதிவேட்டில் தேடுங்கள். ஒரு கோயிலில் கல்வெட்டில் 41 பெயர் இருந்தது, ரசீது 36 பேருக்குத்தான் இருந்தது. ஐந்தில் மூன்று பேர் சிமெண்டும் கம்பியும் பொருளாகக் கொடுத்தவர்கள், அதைப் பொருள் வரவாக எழுதவில்லை. ஒருவர் பணம் தருவதாகச் சொல்லிப் பெயர் மட்டும் போடவைத்தவர். மீதி ஒருவர் வீட்டில் பூஜை அறையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினார். கோயில் பெயர், முத்திரை எல்லாம் இருந்தது, எண் மட்டும் அச்சக பில்லில் இல்லை. அந்த ஒரு ரசீதால் ஒரு தனிப் புத்தகமே வெளியே வந்தது.

உண்டியலில் யார் போட்டது என்று தெரியாத பணத்துக்கு 30 சதவீத வரி என்கிறார்களே?

பாதி சரி. முழுக்க மதம் சார்ந்த அறக்கட்டளைக்கு அந்த வரி இல்லை. பள்ளியும் மருத்துவமனையும் சேர்த்து நடத்தினால், அதற்கென்று குறிப்பிட்டு வந்த அநாமதேயப் பணத்தில்தான் சிக்கல். அறக்கட்டளைப் பத்திரத்தோடு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.

உண்டியலில் வந்த தங்கத்தின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அது நகை மதிப்பீட்டாளர் வேலை. திறப்பு அன்றே எல்லோர் முன்னும் எடை போட்டு, உறையிலிட்டு, சீல் வைத்துக் கையெழுத்து வாங்குவது மட்டும் உங்கள் வேலை.

பழைய 500, 1000 நோட்டு இன்னும் விழுகிறது. என்ன செய்வது?

எத்தனை என்று தனியாக எழுதுங்கள், மொத்தத்தில் சேர்க்காதீர்கள். பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சேர்த்து வைக்காமல் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

திருவிழா நேரத்தில் மட்டும் உண்டியல் பணத்தை நேரடியாகச் செலவு செய்தால் என்ன? கைச்செலவுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே.

மேலே சொன்னதைப் படியுங்கள். திருவிழாவுக்கும் அதேதான். விழாவுக்கு முன்பே கூட்டத்தில் தீர்மானம் போட்டு, 20,000 ரூபாய் என்று ஒரு தொகையை வங்கியிலிருந்து எடுத்து ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். பில் கொண்டுவந்த அளவுக்குத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் வங்கி வழியாகவே போடுங்கள்.

நாங்கள் உண்டியல் பணத்தை எண்ணும்போதே ஐயருக்குச் சம்பளம் கொடுத்துவிடுகிறோம், எல்லோர் முன்னாலும்தான். இது பரவாயில்லையா?

இல்லை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், எண்ணிய பணம் முழுவதும் வங்கிக்கு.

சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது. சீல் தேவையா?

தேவை. இரண்டு சாவிக்காரர்களும் ஒரே வீட்டுக்காரர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எண் போட்ட பிளாஸ்டிக் சீல் போடுங்கள். இன்றைக்கு அறுக்கும் சீலின் எண்ணும், போன திறப்பின் முடிவில் பதிவேட்டில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று அறுப்பதற்கு முன்பு சத்தமாக வாசியுங்கள். எண் வேறாக இருந்தால் அன்றைக்கு உண்டியலைத் திறக்காமல் அறங்காவலர்கள் எல்லோரையும் வரச்சொல்லுங்கள்.