அட்சக்கோட்டின் நீளமும் கொசைனும்: வாசகர் கேள்விகள்

சென்னைக்கும் பெங்களூருக்கும் தீர்க்க வித்தியாசம் 2.68 பாகை. 111-ஆல் பெருக்கினால் 298 கி.மீ. வருகிறது. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 291 தான். எது தவறு? (வேலூர் வாசகர்)

111 என்பது நிலநடுக்கோட்டின் கணக்கு. சரியாகச் சொன்னால் அங்கே ஒரு பாகைக்கு 111.32 கி.மீ. நீங்கள் இருப்பதோ 13-ஆம் பாகை வடக்கில். வடக்கே போகப் போக அட்சக்கோடு என்னும் வட்டம் சிறுக்கிறது. அதன் ஆரம் பூமியின் ஆரத்தை அட்சத்தின் கொசைனால் பெருக்கிய அளவு. ஆரம் எவ்வளவு சுருங்குகிறதோ, சுற்றளவும் அவ்வளவே சுருங்கும். அதன் 360-இல் ஒரு பங்கான ஒரு பாகையும் அப்படியே.

சென்னை 13.08, பெங்களூர் 12.97. இரண்டுக்கும் நடுவே 13.03 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொசைன் 0.974. ஆகவே அங்கே ஒரு பாகை 108.5 கி.மீ. அதை 2.68-ஆல் பெருக்கினால் 291. வரைபடம் சரி.

ஒன்றைக் கவனியுங்கள். கொசைனை அடியோடு மறந்தும் உங்களுக்கு வந்த பிழை 7 கி.மீ. தான். தமிழ்நாட்டுக்குள் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த மறதி உறைப்பதே இல்லை. அதே கணக்கை டெல்லியில் போட்டால் நூற்றுக்குப் பதினான்கு கி.மீ. கூடுதலாகக் காட்டும்.

அட்சக்கோடு எந்த இடத்தில் நிலநடுக்கோட்டில் பாதி நீளம் ஆகிறது? 45 பாகையில்தானே?

இல்லை, 60 பாகையில். 45-இல் கொசைன் 0.707, அந்த வட்டம் 28,300 கி.மீ. இருக்கும். 60-இல்தான் கொசைன் சரியாக 0.5, வட்டம் ஏறக்குறைய 20,000 கி.மீ. இந்த 60-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி வரும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பாகை தீர்க்கத்தின் தூரம் எக்செலில் மைனஸ் 108 கி.மீ. என்று வருகிறது. மைனஸை எடுத்துவிட்டால் சரிதானே? (யாழ்ப்பாண வாசகர்)

சரியில்லை. மைனஸை அழிக்க வேண்டாம், அது வந்ததே உங்களுக்கு நல்லது.

நீங்கள் `=111.32*COS(9.67)` என்று எழுதியிருக்கிறீர்கள். எக்செலின் `COS` பாகையை அறியாது. ரேடியனை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 9.67 ரேடியன் என்பது வட்டத்தை ஒன்றரை முறை சுற்றி, அதற்கும் சற்று மேலே போய் நிற்கும் கோணம். அதன் கொசைன் மைனஸ் 0.970. உங்கள் ஊரின் உண்மையான கொசைன் 0.986. அடையாளத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் அது வெறும் தற்செயல். சரியான விடை 109.7 கி.மீ.

இந்தத் தவறு எழுதி எழுதிச் சலித்துப்போன ஒன்று. ஆனாலும் இதை விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், நம் பக்கத்து ஊர்களில் இது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வேடம் போடும். அதே தவறான சூத்திரத்தில் கோயம்புத்தூரின் 11.02-ஐப் போடுங்கள், ஒரு பாகைக்கு 2.7 கி.மீ. என்று வரும். அபத்தம் என்று யாருக்கும் தெரியும். மதுரையின் 9.93-ஐப் போட்டால் மைனஸ் 97. அதுவும் கண்ணில் படும். சென்னையின் 13.08-ஐப் போட்டால் பிளஸ் 97. அடையாளம் சரி, அளவும் நம்பும்படி இருக்கிறது. உண்மையில் அங்கே 108.4 இருக்க வேண்டும். பெங்களூருக்குத் தூரம் கேட்டால் 291-க்குப் பதில் 260 சொல்லும். முப்பது கிலோமீட்டர் காணாமல் போயிருப்பதை விடையைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. சென்னையில் சோதித்துவிட்டு, "விடை சுமாராக வருகிறது" என்று அந்தத் தாளை ஊர் ஊராக அனுப்பிவைக்கிறார்கள். பிழை மதுரையில் வெடிக்கிறது. அங்கே இருப்பவர் மைனஸை அழித்துவிட்டு மேலே போகிறார். பிழை அதன்பின் நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

```
=111.32*COS(RADIANS(9.67))
```

கூகுள் ஷீட்ஸிலும் இதே வடிவம்தான். பைத்தானில் `math.cos(math.radians(9.67))`. கையில் வைத்திருக்கும் கணக்குப்பொறி என்றால் திரையின் மேல் ஓரத்தில் `DEG` அல்லது `D` என்று இருக்கிறதா என்று பாருங்கள். `RAD`, `R` என்றால் மாற்றுங்கள். `GRA`, `G` என்றாலும் மாற்றுங்கள்.

எந்தத் தாளையும் எந்த நிரலையும் நம்புவதற்கு முன் 60 போட்டுப் பாருங்கள். கொசைன் 0.5, தூரம் 55.7 கி.மீ. வந்தால் அது பாகையில் ஓடுகிறது. மைனஸ் 0.952 வந்தால் ரேடியனில் ஓடுகிறது. உங்கள் ஊரின் அட்சத்தைப் போட்டுச் சோதிப்பது சோதனையே ஆகாது.

ஒரு பாகைக்கு எத்தனை கி.மீ.? உடனே சொல்லவும், அவசரம்.

எந்தத் திசையில், எந்த அட்சத்தில்? இரண்டையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? வடக்கு தெற்காக என்றால் எங்கேயும் 111-ஐ ஒட்டித்தான் இருக்கும், கொசைன் தேவையில்லை. கிழக்கு மேற்காக என்றால் அட்சத்தைச் சொல்லுங்கள்.

சென்னை 13°05′ வடக்கு, 80°16′ கிழக்கு என்று அட்லஸில் இருக்கிறது. 13.05, 80.16 என்று எடுத்துக்கொண்டேன். தூரங்கள் பொருந்தவில்லை.

பொருந்தாது. பாகைக்கு 60 கலை, 100 கலை அல்ல. 16-ஐ 60-ஆல் வகுத்தால் 0.27, ஆகவே 80.27. நீங்கள் சென்னையை 12 கி.மீ. மேற்கே தள்ளி வைத்துவிட்டீர்கள். அட்சத்தையும் அப்படியே திருத்துங்கள்: 13.08.

குலசேகரன்பட்டினம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பூமியின் சுழற்சி வேகம் ராக்கெட்டுக்கு அதிகம் கிடைக்கும், அதனால்தான் அங்கே ஏவுதளம் என்று படித்தேன். கொசைன் கணக்கு அதை ஒப்புகிறதா? (திருச்செந்தூர் வாசகர்)

போட்டுப் பார்த்துவிடலாம். நிலநடுக்கோட்டில் தரை கிழக்கு நோக்கி வினாடிக்கு 465 மீட்டர் நகர்கிறது. எந்த அட்சக்கோடாக இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒன்றே. ஆகவே வட்டத்தின் நீளம் எந்த விகிதத்தில் குறைகிறதோ, வேகமும் அதே விகிதத்தில் குறையும். ஸ்ரீஹரிகோட்டா 13.7 பாகையில் இருக்கிறது, கொசைன் 0.972, வேகம் 452. குலசேகரன்பட்டினம் 8.4 பாகை, கொசைன் 0.989, வேகம் 460. வித்தியாசம் வினாடிக்கு 8 மீட்டர். தாழ்வான சுற்றுப்பாதையில் நிற்க வினாடிக்கு ஏறத்தாழ 7,800 மீட்டர் வேண்டியிருக்கும்போது இந்த 8 மீட்டருக்காக யாரும் புதிய ஏவுதளம் கட்டமாட்டார்கள்.

உண்மையான காரணம் வேறு. துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் ராக்கெட் தெற்கே பாய வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. அதைச் சுற்றி வளைந்து போவதில் எரிபொருள் வீணாகிறது. சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே திறந்த கடல். கிழக்கு நோக்கிய சுழற்சி வேகம் துருவப் பாதைக்கு உதவுவதும் இல்லை.

இருக்கும் இடத்திலிருந்து 5 கி.மீ.க்குள் உள்ள கடைகளைக் காட்டும் நிரல் எழுதினேன். இரு பக்கமும் 0.045 பாகை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் சரியாக ஓடுகிறது. லண்டனில் சில கடைகள் விடுபடுகின்றன.

சென்னையில் ஓடியது உங்கள் நிரல் சரி என்பதால் அல்ல. சென்னையின் கொசைன் ஒன்றுக்கு அருகில் இருப்பதால். அங்கே கிழக்கு மேற்காக 0.046 வேண்டும், நீங்கள் கொடுத்தது 0.045. லண்டன் 51.5 பாகை, கொசைன் 0.62. அங்கே ஒரு பாகை தீர்க்கம் 69 கி.மீ. தான். உங்கள் 0.045 பாகை 3.1 கி.மீ.யோடு முடிந்துவிடுகிறது. விடுபட்ட கடைகளெல்லாம் கிழக்கிலும் மேற்கிலும்தான் இருக்கும். வடக்கிலும் தெற்கிலும் ஒன்றும் குறைந்திருக்காது. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

```
dlat = km / 110.5
dlon = km / (111.32 * math.cos(math.radians(lat)))
```

இது தருவது செவ்வகம். அதன் மூலைகள் 7 கி.மீ. தள்ளி இருக்கும். செவ்வகத்துக்குள் அகப்பட்ட கடைகளுக்கு மட்டும் உண்மையான தூரத்தைக் கணக்கிட்டு, 5-க்கு மேல் உள்ளவற்றைக் கழித்துவிடுங்கள். இங்கேயும் 60 போட்டுச் சோதியுங்கள்: `dlon` ஏறத்தாழ `dlat`-இன் இரு மடங்கு வர வேண்டும்.

மாட்ரிட், நியூயார்க் இரண்டும் 40.5 பாகையை ஒட்டியவை. கொசைன் முறையில் 5,950 கி.மீ. வருகிறது. விமானத் தூரம் 5,770 என்கிறார்கள். 60 போட்டும் சோதித்துவிட்டேன்!

சோதித்ததற்கு நன்றி. உங்கள் கணக்கு சரி, கேள்விதான் வேறு. நீங்கள் கண்டது அட்சக்கோட்டின் மேலேயே நடந்துபோகும் தூரம். அட்சக்கோடு நிலநடுக்கோட்டைத் தவிர வேறு எங்கும் மிகக் குறுகிய வழி அல்ல. பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்தான் குறுகிய வழி. வட அரைக்கோளத்தில் அது வடக்கே வளைந்து போகும். இரண்டு ஊரும் ஒரே அட்சத்தில் இருந்தால் அதற்கும் கொசைனோடு சைனும் இருந்தால் போதும். தீர்க்க வித்தியாசம் 70.3 பாகை. அதில் பாதியின் சைன் 0.5757. அதை அட்சத்தின் கொசைன் 0.76-ஆல் பெருக்கினால் 0.4375. எந்தக் கோணத்தின் சைன் அது? 25.94 பாகை. இரட்டித்தால் 51.9. இது பெருவட்டத்தின் மேல் உள்ள கோணம், ஆகவே சராசரி 111.2-ஆல் பெருக்கலாம்: 5,770.

அப்படியானால் சென்னை பெங்களூர் கணக்கும் தவறா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். அங்கே இந்த இரு வழிகளுக்கும் வித்தியாசம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை.

பூமி துருவங்களில் தட்டை. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

சென்னையில் ஒரு பாகைக்கு 20 மீட்டர் கூடும். 60-இல் 140 மீட்டர். நிலம் அளப்பவருக்கு வேண்டும். பேருந்துத் தூரத்துக்கு வேண்டாம்.

நில அளவையாளர் லாம்ப்டன் அளந்தபோது தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடத்தைவிட 40 மைல் குறைந்தது என்கிறார்களே, அதற்கு முன் கொசைன் தெரியாதா? (பரங்கிமலை வாசகர்)

நன்றாகத் தெரியும். தவறு தீர்க்கத்தில் இருந்தது. அட்சத்தை வானில் நட்சத்திர உயரத்தைப் பார்த்து எளிதாகக் காணலாம். தீர்க்கத்துக்குத் துல்லியமான கடிகார நேரம் வேண்டும்; நான்கு நிமிடம் பிசகினால் ஒரு பாகை, அதாவது இங்கே 108 கி.மீ. போய்விடும். 40 மைல் என்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான பிழை. லாம்ப்டன் 1802-இல் உங்கள் ஊருக்கு அருகே அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மங்களூர் வரை போனதால் கடிகாரத்தை நம்ப வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 360 மைல். நீங்களே பாருங்கள்: சென்னை 80.27, மங்களூர் 74.84. வித்தியாசம் 5.43 பாகை, 108.5-ஆல் பெருக்கினால் 589 கி.மீ., அதாவது 366 மைல்.