ஆப்பை அழித்துவிட்டோம், இனி என்ன ஆதாரம் இருக்கிறது?

கேள்வி: என் வீட்டுக்காரர் போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு லோன் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டார். கைக்கு வந்தது 3,100. ஏழு நாளில் 5,000 கட்டச் சொன்னார்கள், கட்டினோம். மறுநாள் கேட்காமலேயே இன்னொரு 3,100 வந்து விழுந்தது. இப்போது அதற்கும் 5,000 கேட்டு, அவர் படத்தை அசிங்கமாக ஒட்டி என் மாமியாருக்கும், அப்பளக் கம்பெனி முதலாளிக்கும், கேஸ் கொண்டுவரும் அண்ணாச்சிக்கும் அனுப்பிவிட்டார்கள். பயந்துபோய் ஆப்பை அழித்துவிட்டோம். போனையே ரீசெட் பண்ணச் சொல்கிறார்கள். புகார் கொடுக்கப் போனால் காட்ட எங்களிடம் என்ன இருக்கிறது?
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ரீசெட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். உங்கள் போனிலிருந்த நம்பர்களை அவர்கள் எடுத்துக்கொண்டு போய் நாளாகிவிட்டது. ரீசெட் பண்ணினால் அது திரும்பி வராது, உங்களிடம் மிச்சமிருக்கும் தடயம்தான் போகும். பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இதே யோசனையைக் கேட்டு போனைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். ஸ்டேஷனில் வாயால் சொன்னாரே தவிர, எடுத்துக் காட்ட ஒரு மெசேஜ்கூட இல்லை.

ஆப் போனாலும் அதன் அடையாளம் பெரும்பாலும் கிடைக்கும். ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்கியது என்றால், அதில் Manage apps & device என்ற பக்கத்துக்குப் போய் Not installed பட்டியலைப் பாருங்கள். முன்பு போட்டு அழித்த ஆப்கள் அங்கே வரும். அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து ஷேர் கொடுத்தால் ஒரு லிங்க் கிடைக்கும். அதில் id= என்பதற்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் ஆப்பின் உண்மையான பெயர். வெளியே தெரியும் பெயரைப் பத்துப் பேர் வைத்திருக்கலாம், இது ஒன்றுதான் இருக்கும். விளம்பரத்தின் வழியாக நேராக இறக்கியிருந்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் .apk என்று முடியும் கோப்பு கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் தொடாமல் அப்படியே விட்டுவையுங்கள். ஓடிபி வந்த எஸ்எம்எஸ்களையும் அழிக்க வேண்டாம்.

அடுத்தது வங்கி. பாஸ்புக்கில் விழும் ஒற்றை வரி போதாது. கிளைக்குப் போய், அந்த இரண்டு வரவும் நீங்கள் கட்டிய 5,000-மும் உள்ள ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். பணம் போட்டவர் பெயரும் பரிவர்த்தனை எண்ணும் அதில் இருக்க வேண்டும். போட்டவர் பெயர் ஆப்பின் பெயராக இருக்க வேண்டியதில்லை, நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியாக இருக்கலாம். குழம்ப வேண்டாம், போலீஸ் பிடித்துக்கொண்டு போகப்போகும் நூல் அதுதான். நீங்கள் கட்டிய யுபிஐ ஐடியையும் அதில் காட்டிய பெயரையும் குறித்துவையுங்கள். கணக்கைப் பார்த்தீர்களா? 3,100-க்கு ஒரு வாரத்தில் 1,900 கூடுதல். நூற்றுக்கு வாரம் 61 ரூபாய்! நம் ஊர் கந்துவட்டிக்காரரே வெட்கப்படுவார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் வழக்கில் பலமான ஆதாரம் உங்கள் போனில் இல்லை, மாமியார் போனிலும் முதலாளி போனிலும் கேஸ் அண்ணாச்சி போனிலும் இருக்கிறது. கடன் ஆப்கள் போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினார்கள் என்று எப்படிக் காட்டுவது? கேஸ் அண்ணாச்சி உங்கள் சொந்தக்காரரும் இல்லை, ஃபேஸ்புக் நண்பரும் இல்லை. அவர் நம்பரும் மாமியார் நம்பரும் முதலாளி நம்பரும் சேர்ந்து இருக்கும் இடம் உங்கள் வீட்டுக்காரரின் போன்தான். மெசேஜ் போனவர்களின் பட்டியலை ஒரு பக்கமும், போனில் அவர்களைச் சேமித்துவைத்திருக்கும் பெயரை மறுபக்கமும் எழுதுங்கள். பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரியும்.

கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் மூன்று பேரிடமும் இன்றைக்கே பேசிவிடுங்கள். மெசேஜை அழிக்க வேண்டாம், யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் குற்றம், உதவி செய்வதாக நினைத்து அவர்களே மாட்டிக்கொள்ளக் கூடாது. ஸ்க்ரீன்ஷாட்டில் தேதி, நேரம், மெசேஜ் மூன்றும் தெரிய வேண்டும். அப்புறம் வாட்ஸ்அப்பில் மேலே உள்ள பெயரைத் தொட்டு, + குறியோடு முழு எண் வரும் பக்கத்தையும் ஒரு படம் எடுக்க வேண்டும். சிலர் அந்த நம்பரை ‘லோன் திருடன்’ என்று சேமித்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள். எண் மறைந்துபோன படத்தை வைத்து யாரைத் தேடுவது?

அவர்கள் அனுப்புகிற மெசேஜ் தானாக மறையும்படி வைத்திருக்கலாம், ஒரே தடவை திறக்கும் படமாகவும் இருக்கலாம். ஒரே தடவை திறக்கும் படத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் விழாது. இன்னொரு போனை எடுத்து, திறக்கும்போதே வீடியோ பிடியுங்கள். சாட் முழுவதையும் Export chat மூலம் எடுத்துவைப்பது நல்லது. அது மறுத்தால், மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் தள்ளிக்கொண்டே மறு போனில் வீடியோ எடுங்கள். எல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்த நம்பர்களைத் தாராளமாக ப்ளாக் பண்ணலாம். போனில் வந்த திட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, நேரம், எண், என்ன சொன்னார்கள், யார் எடுத்தது.

பிரிண்ட் மட்டும் ஆதாரமாகிவிடாது. பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் இந்த வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்கவோ எக்ஸ்சேஞ்சில் போடவோ வேண்டாம். நெட் சென்டரில் பிரிண்ட் எடுக்கும்போது போனைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், கூடவே நில்லுங்கள்.

கேட்காமல் வந்த 3,100-ஐச் செலவழிக்காதீர்கள், மிரட்டுகிறவன் சொல்லும் யுபிஐ-க்கும் திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினாலும் கடன் தீர்ந்ததாக அவன் எழுதப்போவதில்லை, புதிதாக ஒரு பாக்கிதான் முளைக்கும். நாங்கள் கேட்காத பணம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

புகாரை 1930-க்குப் போன் பண்ணியோ cybercrime.gov.in தளத்திலோ பதியுங்கள், ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பெயர் இல்லாமல் புகார் கொடுக்கும் வழியில் போக வேண்டாம், பின்தொடர்ந்து கேட்க முடியாது. அந்த எண் கிடைத்ததும் எஃப்ஐஆர் போட்டாயிற்று என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்கள் கல்லிடைக்குறிச்சி திருநெல்வேலி மாநகரக் கமிஷனரின் எல்லைக்குள் வராது, மாவட்ட எஸ்.பி.யின் கீழுள்ள சைபர் க்ரைம் போலீஸுக்குத்தான் போக வேண்டும். புகாரில் ‘லோன் ஆப் தொல்லை’ என்று தலைப்பு வைத்தால் கடன் தகராறு என்று தள்ளிவிட இடமுண்டு. ‘ஆபாசப் படம் தயாரித்துப் பரப்பி, மிரட்டிப் பணம் பறித்தல்’ என்றே எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்திலும் ஆப்பின் பெயரைப் போட்டுப் புகார் செய்யலாம். ஆனால் அங்கே புகார் கொடுத்தால் மட்டும் போலீஸ் வேலை நடந்துவிடாது. கடன் ஒப்பந்தம் ஏதாவது வந்திருந்து, அதில் பதிவு பெற்ற நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கதை வேறு. அப்போது முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் cms.rbi.org.in வழியாகக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அப்படிப்பட்ட நிறுவனம் என்றால், மிரட்டல் தப்பு என்பதற்காக வாங்கிய கடன் இல்லாமல் போய்விடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் கோர்ட்டுக்கு இப்போதைக்கு ஓட வேண்டாம். நோட்டீஸ் அனுப்ப எதிராளிக்கு ஒரு விலாசம் வேண்டுமே!

ஸ்டேஷனுக்குப் போகும்போது வீட்டுக்காரரின் போனோடு மாமியாரின் போனையும் சார்ஜ் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரையும்.