மைனஸில் நிற்கும் மெஷினை வாங்கலாமா?

கேள்வி: கோவையில் நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு மெஷினிங் யூனிட் நடத்துகிறோம். கணக்கு என் பொறுப்பு. எங்கள் பெரிய பார்ட்டி ஒரு பம்ப் கம்பெனி. அவர்களுக்காகப் புதிய வி.எம்.சி. மெஷின் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். விலை 80 லட்சம். வரி போக ஆண்டுக்கு 20 லட்சம் வீதம் 5 ஆண்டு வரும், கடைசியில் 8 லட்சத்துக்கு விற்கலாம். 14 சதவீதத்தில் என்.பி.வி. மைனஸ் 7.2 லட்சம் என்கிறார் ஆடிட்டர். அண்ணனோ, "இருக்கிற வேலை கைவிட்டுப் போகாது, ரெண்டு வருஷத்துல பெரிய ஆர்டர் வரும், பேரும் கிடைக்கும், 7 லட்சத்தைப் பார்க்காதே" என்கிறார். இப்போது அவர்கள் தரும் வேலையில் வரி போக ஆண்டுக்கு 12 லட்சம் நிற்கிறது. பெரிய ஆர்டர் வந்தால் இன்னொரு 1 கோடி போட வேண்டும். அண்ணன் சொல்வதைப் பணமாகக் கணக்குப் போட முடியுமா?
— வாசகி, கோவை

பதில்: முடியும். மைனஸ் என்பதற்காக மட்டும் இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் சொல்லும் ஒவ்வொன்றும் ரூபாயாக மாறித்தான் கணக்குக்குள் வர வேண்டும்.

முதலில் பள்ளம் எவ்வளவு என்று பாருங்கள். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 14 சதவீதம் வர வேண்டும் என்று வைத்து, வரப்போகும் வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, மெஷின் விலையைக் கழித்தால் நிற்பதுதான் என்.பி.வி. அது உங்களுக்கு 7.2 லட்சம் குறைகிறது. 14 சதவீதத்தில், 5 ஆண்டுக்கு ஆண்டுதோறும் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 3.43 ரூபாய். 7.2 லட்சத்தை 3.43-ஆல் வகுத்தால் 2.1 லட்சம் வருகிறது. உங்கள் கேள்வி இப்போது சின்னதாகிவிட்டது: இந்த மெஷின் இருப்பதால், கணக்கில் சேராத ஏதோ ஒன்று வரி போக ஆண்டுக்கு 2.1 லட்சம் தருமா?

இந்த இடத்தில் பலர் ஒரு குறுக்கு வழியில் போவார்கள். "நீண்ட கால நோக்கில் முக்கியமான திட்டம்" என்று சொல்லி 14 சதவீதத்தை 10 ஆக்கிவிடுவார்கள். உங்கள் கணக்கில் அப்படிச் செய்தால் என்.பி.வி. பிளஸ் 0.8 லட்சமாக மாறிவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். எந்த நன்மைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தோம் என்பது அதில் மறைந்துபோகும், பிறகு யாரும் சரிபார்க்கவும் முடியாது.

சரி, முதல் நன்மை: இருக்கும் வேலை கைவிட்டுப் போகாது என்பது. இதற்கு 12 லட்சத்தை அப்படியே எழுதுவதுதான் வழக்கமான தவறு. அந்த வேலை போனால் உங்கள் பழைய மெஷின்களில் வேறு ஜாப் ஒர்க் எடுப்பீர்கள் அல்லவா? அதில் 4 லட்சம் கிடைக்கும் என்று வைத்தால் உண்மையான இழப்பு 8 லட்சம். அதுவும் நிச்சயம் இல்லை. மெஷின் வாங்காவிட்டால் பார்ட்டி விலகிப்போக 30 சதவீத வாய்ப்பு, வாங்கினாலும் வேறு காரணங்களால் போக 10 சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். மெஷினால் வரும் மாற்றம் இடையில் உள்ள 20 சதவீதம்தான். 8 லட்சத்தில் 20 சதவீதம், ஆண்டுக்கு 1.6 லட்சம். பார்ட்டி நாளைக்கே போய்விட மாட்டார், போனால் மூன்றாம் ஆண்டிலிருந்து என்று வைப்போம். 3, 4, 5-ஆம் ஆண்டுகளின் 1.6 லட்சங்களை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 2.9 லட்சம். பள்ளம் 4.3 லட்சமாகக் குறைகிறது.

அடுத்தது பெரிய ஆர்டர். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து 1 கோடி போடும்போது, ஆர்டர் நன்றாக வந்தால் அதன் வரவுகளின் அன்றைய மதிப்பு 1.35 கோடி, சரியாக வராவிட்டால் 75 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வர 40 சதவீத வாய்ப்பு. சராசரி எடுத்தால் 99 லட்சம். 1 கோடி போட்டு 99 லட்சம் என்றால் இந்த இரண்டாம் கட்டமும் நஷ்டம் போலத்தான் தெரியும்.

ஆனால் சராசரி இங்கே தவறாக வழிகாட்டுகிறது. ஆர்டர் சரியில்லை என்று தெரிந்தால் அந்த 1 கோடியை நீங்கள் போடவே மாட்டீர்கள். அப்போது இரண்டாம் கட்டத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நன்றாக இருந்தால் மட்டும் போட்டு 35 லட்சம் பார்ப்பீர்கள். 40 சதவீத வாய்ப்புக்கு 35 லட்சம் என்றால் அதன் மதிப்பு 14 லட்சம். போடலாம், போடாமலும் விடலாம் என்ற இந்த உரிமைக்குத்தான் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மையர்ஸ் 1977-ல் 'ரியல் ஆப்ஷன்' என்று பெயர் வைத்தார்.

அந்த 14 லட்சம் முழுவதும் இந்த மெஷினுக்குச் சொந்தமில்லை. இப்போது வாங்காமல் இருந்தாலும், இரண்டு ஆண்டு கழித்து அந்த ஆர்டரைப் பிடிக்க உங்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கும். அது 15 சதவீதம் என்றால், மெஷினால் கூடும் வாய்ப்பு 25 சதவீதம். 35 லட்சத்தில் அது 8.75 லட்சம். இப்படிப்பட்ட வாய்ப்பின் மதிப்பு மெஷின் வரவை விட அதிகம் ஏறி இறங்கும் என்பதால் 14-க்குப் பதில் 20 சதவீதத்தில் இரண்டு ஆண்டு பின்னால் கொண்டுவருகிறேன். 6.1 லட்சம் வருகிறது.

பேர் கிடைக்கும் என்பதற்குப் பூஜ்யம் போடுங்கள். பேர் கிடைத்தால் அது ஆர்டராகத்தான் வரும், அதை ஏற்கெனவே எண்ணிவிட்டோம்.

ஆக, மைனஸ் 7.2-உடன் 2.9-உம் 6.1-உம் சேர்த்தால் பிளஸ் 1.8 லட்சம். ஆனால் இந்த 1.8-ஐ நம்பி கையெழுத்துப் போட மாட்டேன். சதவீதங்கள் எல்லாம் நான் வைத்த ஊகங்கள். அதனால் தலைகீழாகக் கேட்டுப் பாருங்கள்: மீதியுள்ள 4.3 லட்சப் பள்ளம் நிரம்ப, பெரிய ஆர்டரின் வாய்ப்பை இந்த மெஷின் எவ்வளவு கூட்ட வேண்டும்? கணக்குப்படி சுமார் 18 சதவீதம். அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்த ஆர்டருக்கு டிராயிங் வந்திருக்கிறதா? ஆண்டுக்கு எத்தனை பீஸ் என்று எழுத்தில் சொன்னார்களா? வேறு எத்தனை சப்ளையர்களிடம் இதையே சொல்லி மெஷின் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்? பர்சேஸ் மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னது மட்டும் என்றால் 18 சதவீதம் அதிகம். சாம்பிள் பாஸாகி, டிராயிங்கும் கையில் இருந்தால் 25 நியாயம்தான்.

இன்னொன்று. புதிய வேலைக்கான மெட்டீரியலிலும் பார்ட்டி தர வேண்டிய பாக்கியிலும் முடங்கும் பணம் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆடிட்டரிடம் கேளுங்கள். பில் 60 நாளில் பாஸாகி 10 லட்சம் முடங்கினால், அது 5 ஆண்டு முடிவில் முழுதாகத் திரும்பினாலும் இன்றைய மதிப்பில் 4.8 லட்சம் செலவு. 1.8 பிளஸ், 3 லட்சம் மைனஸாகிவிடும். கையில் வரப்போகும் நன்மைகளை எண்ணும் அவசரத்தில் இந்த மாதிரிச் செலவுதான் விட்டுப்போகும்.

அப்படி ஆனால் உடனே கைவிட வேண்டாம், பார்ட்டியிடம் பேசுங்கள். இந்த மெஷினால் அவர்களுக்கும் நன்மை இருக்கிறது, அதனால்தான் வாங்கச் சொல்கிறார்கள். வரி போக ஆண்டுக்கு 1 லட்சம் கூடுதலாக நிற்கும்படி பீஸ் ரேட்டை உயர்த்திக் கேளுங்கள். இன்றைய மதிப்பில் அது 3.4 லட்சம், அந்த மைனஸை மூடிவிடும். ரேட்டை ஏற்றவே முடியாது என்றால் பில்லுக்கு 30 நாளில் பணம் கேளுங்கள், முடக்கச் செலவு பாதியாகும். கூடவே குறைந்தபட்ச எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். இந்த மூன்றில் எதற்குமே சம்மதிக்காதவர் பெரிய ஆர்டரை உங்களுக்குத் தருவார் என்று 25 சதவீதம் போட எனக்கு மனமில்லை. அப்போது நான் 10 தான் போடுவேன், மெஷினும் வேண்டாம் என்பேன்.