நூலில் போட்ட முடிச்சு

ஐயா, வணக்கம். சூலூரில் பெரியப்பாவின் பட்டறையில் ஒரு பழைய இங்கிலாந்து லேத் இருக்கிறது. ஃபீட் கியர் பெட்டியில் 20 பல் பினியன் நொறுங்கிவிட்டது. ஜோடியான 60 பல் கியர் நன்றாக இருக்கிறது. அதன் வெளிவிட்டம் 157.3 மி.மீ. அதை, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, 62-ஆல் வகுத்தேன், 2.537 வந்தது, பல்லின் அளவைச் சொல்லும் மாடூல் 2.5 என்று எடுத்துக்கொண்டேன். தண்டுத் துளை 25 வைத்து கணினியில் கேட் மென்பொருளில் வரைந்தேன். மைய தூரம் 100 வருகிறது. ஆனால் பெட்டியில் அளந்தால் 101.6. இன்வல்யூட் பல் மைய தூரம் கொஞ்சம் கூடினாலும் தாங்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியே வெட்டலாமா, மொத்த மாடலையும் 1.6 சதவீதம் பெரிதாக்கிவிடலாமா? வளைவை எத்தனை புள்ளிகளில் வரைய வேண்டும்?

அன்புள்ள தம்பி,

புள்ளி எத்தனையோ வைத்துக்கொள், பத்து போதும். அது ஒரு கேள்வியே இல்லை. 2.537 வந்ததை ஏன் 2.5 ஆக்கினாய், அதைச் சொல். 60 பல் கியரில் அந்த மாடூலுக்கு வெளிவிட்டம் 155 வர வேண்டும். உன் கையில் இருப்பது 157.3. பல் நுனி தேய்ந்தால் விட்டம் குறையும், இரண்டு மில்லி வளருமா? அளவு உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது, நீதான் காதில் வாங்கவில்லை.

திட்ட மாட்டேன், நானும் இதையே செய்தவன். கோவை கணபதியில் ஒரு பட்டறையில் வேலை பழகியபோது இப்படித்தான் ஒரு பினியனை 2.5-இல் வெட்டி மாட்டினேன். முதல் நாள் கரகரவென்று சத்தம். ஒரு வாரத்தில் எண்ணெயில் இரும்புத் தூள். எங்கள் மிஸ்திரி அண்ணன் ஒன்றும் பேசாமல் காலி பாபின் இரண்டை எடுத்துவந்தார். ஒன்றில் நூலைச் சுற்றி, சம இடைவெளியில் முடிச்சுப் போட்டு, விறைப்பாகப் பிடித்துப் பிரித்தார். "இந்த முடிச்சு காத்துல போடற கோடு இருக்குதல்லங்க, அதுதான் உங்க பல்லு" என்றார்.

அப்புறம் நூலின் மறுமுனையை அடுத்த பாபினில் குறுக்காகச் சுற்றினார். ஒன்றைச் சுழற்றினால் மற்றது சுழன்றது, முடிச்சுகள் வரிசையாக நகர்ந்தன. பாபின்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். நூலின் சாய்வு மாறியது, முடிச்சுகளின் இடைவெளி மாறவில்லை. நீ படித்த "தாங்கும்" என்பது இதுதான். பாபின்தான் அடிவட்டம். முடிச்சு இடைவெளிதான் அடிப் பிட்ச், அதாவது π × m × cos α. இதில் m மாடூல், α பல்லின் அழுத்தக் கோணம். இரண்டு கியருக்கும் அது ஒன்றாக இருந்தால்தான் மைய தூரத்துக்கே சலுகை. அது வேறானால் 100-இல் வைத்தாலும் 101.6-இல் வைத்தாலும் ஒவ்வொரு பல்லும் முந்தியோ பிந்தியோ வந்து மோதும். உன் பினியனில் கோணம் 20 டிகிரி என்றால் அது 7.38. எதிரில் இருக்கும் கியரில் எவ்வளவு என்று நீ அளக்கவே இல்லை.

அளப்பதற்கு வெர்னியர் போதும். 60 பல் கியரில் 6 பற்களைச் சேர்த்துத் தாடைக்குள் பிடி, பிறகு 7 பற்களைப் பிடி. சுற்றி நாலு இடத்தில் பார். கழித்தால் வருவது அடிப் பிட்ச். பல் தேய்ந்திருந்தால் இரண்டு அளவிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறையும், கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். அன்று எங்களுக்கு வந்தது 43.12, 50.62. வித்தியாசம் 7.50. அது மெட்ரிக் கியரே இல்லை. அங்குல வழக்கில் 10 டிபி, அதாவது ஓர் அங்குல பிட்ச் விட்டத்துக்குப் பத்துப் பல், மாடூலாகச் சொன்னால் 2.54, அழுத்தக் கோணம் 20 டிகிரி. உன்னுடையதும் 10 டிபி என்றுதான் 157.3-ம் 101.6-ம் சொல்கின்றன. ஆனால் கோணத்தை அவை சொல்லாது. பழைய கியர்களில் 14.5 டிகிரி நிறைய உண்டு. அப்படியானால் வித்தியாசம் 7.73 வரும். இதைப் பார்க்காமல் வெட்டக் கொடுக்காதே.

மாடலில் இப்படி எழுது:

```
m = 25.4 / 10
a = m * (20 + 60) / 2
od = m * (20 + 2)
```

a 101.6 வரும், od 55.88. 20 டிகிரி என்றால் பினியனின் அடிவட்டம் 47.74, அதிலிருந்துதான் வளைவு கிளம்ப வேண்டும். பல்லின் வேர் வளைவு, பல் இடுக்கு எல்லாம் வெட்டுபவரிடம் விடு.

1.6 சதவீதம் பெரிதாக்கும் யோசனையைப் படித்துச் சிரித்தேன். 2.5-ஐ 1.016-ஆல் பெருக்கினால் சரியாக 2.54. காரணம் தெரியாமலே பல் சரியாகிவிடும். தண்டுத் துளையும் கூடவே 25-லிருந்து 25.4 ஆகிவிடும். அந்தத் தண்டையும் 25 என்று நீயே முழுதாக்கியிருப்பாயோ என்று ஒரு சந்தேகம். போய் அளந்து பார், சரியாக ஓர் அங்குலம் இருக்கும்.