டிரான்ஸ்கிரிப்ட்டிலிருந்து தீம் வரை: எந்த இடத்தில் சறுக்குகிறது?

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் 12 பேரிடம், மாத்திரையை ஏன் இடையில் நிறுத்துகிறார்கள் என்று நேர்காணல் எடுத்தேன். டிரான்ஸ்கிரிப்ட் ரெடி. கோடிங் செய்தால் குடும்பம், செலவு, உணவு என்றுதான் வருகிறது. "இதெல்லாம் தீம் இல்லை" என்கிறார் கைடு. படிப்படியாக எப்படிப் போவது? ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

பதில்:

குடும்பம், செலவு, உணவு மூன்றும் உங்கள் வினாப்பட்டியலில் ஏற்கெனவே இருந்த தலைப்புகளாகத்தான் இருக்கும். நேர்காணலுக்குப் போகும் முன்பே அவற்றை எழுதி வைத்திருக்க முடியும். கைடு மறுப்பது அதனால்தான். ஆனால் தீமில் தெரியும் இந்தக் கோளாறு தொடங்குவது கோடிங்கில், அதாவது ஒவ்வொரு வாசகத்துக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயர் வைக்கும் கட்டத்தில். அதனால் அங்கேயே திரும்பிப் போக வேண்டும்.

வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் தீம் பகுப்பாய்வு பற்றி 2006-ல் எழுதிய கட்டுரையில் உள்ள ஆறு கட்டங்களை வைத்துச் சொல்கிறேன். பல ஆய்வேடுகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. தரவோடு பழகுதல், கோடிங், தீம்களை உருவாக்குதல், அவற்றைச் சரிபார்த்தல், வரையறுத்துப் பெயரிடுதல், எழுதுதல் என்று வரிசை. முன்னும் பின்னுமாகப் போய்வருவது இயல்பு.

முதலில் டிரான்ஸ்கிரிப்ட். அவர்கள் பேசிய தமிழிலேயே இருக்கட்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றாலும் கோடிங்கைத் தமிழ் மூலத்தின் மீதே செய்யுங்கள். "கூச்சமா இருக்கு", "சங்கடமா இருக்கு", "மானம் போயிரும்" மூன்றும் மொழிபெயர்ப்பில் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடக்கூடும். அப்படிச் சுருங்கினால், பகுப்பாய்வில் பிரித்துப் பார்த்திருக்க வேண்டிய மூன்று விஷயங்கள் தொடங்கும் முன்பே ஒன்றாகிவிடும். மேற்கோளாக எடுக்கும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். வரி எண் போட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பு, நீண்ட மௌனம், குரல் தாழ்ந்த இடம் ஆகியவற்றை அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். பிறகு ஆடியோவைக் கேட்டபடியே ஒருமுறை, கேட்காமல் ஒருமுறை முழுவதும் படியுங்கள். இந்த இரண்டு வாசிப்பிலும் கோட் எதுவும் எழுத வேண்டாம். ஒவ்வொரு நேர்காணலுக்கும் அரைப் பக்கக் குறிப்பு மட்டும் போதும்.

இனி கோடிங். விளக்கத்துக்காக ஒரு பகுதியை நானே எழுதித் தருகிறேன். பங்கேற்பாளர் 4, 61 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம்:

"மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒடம்பு நல்லாத்தானே இருக்குன்னு நடுவுல ஒரு மாசம் விட்டுட்டேன். தீந்து போச்சுன்னு மருமககிட்ட சொல்லவும் ஒரு மாதிரியா இருக்கும். (மௌனம்) ஊருக்குப் போனா எடுத்துட்டே போறதில்ல. எல்லாரு முன்னாடியும் எப்படிப் போடறது? கல்யாண வீட்டுல இனிப்ப வேணாம்னா, 'என்ன, சுகரா?'ம்பாங்க. அதுக்கு ரெண்டு வாய் தின்னுட்டுப் போயிரலாம்."

"மாத்திரை நிறுத்தம்", "குடும்பம்", "வெளியூர்", "உணவு" என்று கோட் போட்டால், நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கே வந்து சேர்வீர்கள். அவை எதைப் பற்றிப் பேசினார் என்று சொல்கின்றன, என்ன சொன்னார் என்று சொல்வதில்லை. அதே பகுதிக்கு வேறு விதமாகக் கோட் போடலாம்:

- தொந்தரவு இல்லை என்றால் நோயும் இல்லை என எடுத்துக்கொள்ளுதல்
- மாத்திரை தீர்ந்ததைச் சொல்லத் தயங்குதல்
- பிறர் பார்ப்பார்கள் என்று பயணத்தில் மாத்திரையைத் தவிர்த்தல்
- நோய் தெரிந்துவிடாமல் இருக்க இனிப்பு சாப்பிடுதல்

கோட் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. டிரான்ஸ்கிரிப்ட்டை மூடிவிட்டுக் கோட் பட்டியலை மட்டும் படியுங்கள். அந்த வரியில் அவர் என்ன சொன்னார் என்று யூகிக்க முடிந்தால் கோட் சரி. "குடும்பம்" என்பதிலிருந்து எதையும் யூகிக்க முடியாது. ஒரே சொல்லில் இருக்கும் கோட்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். ஆறேழு சொற்கள் வரை நீண்டால் தவறில்லை.

மேலே உள்ள முதல் கோட் அவர் நேரடியாகச் சொன்னதை ஒட்டியது. மாத்திரை தீர்ந்ததைச் சொல்லத் தயங்குவதில் அவருக்குக் காசு கேட்கும் கூச்சம் இருக்கலாம், சார்ந்திருப்பதன் வலியும் இருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. அப்படி மறைபொருளாக வாசித்துக் கோட் போடுவதும் முறையானதே. ஆனால் அது உங்கள் வாசிப்பு என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். வேறு நேர்காணல்களில் அதற்குத் துணை கிடைக்கிறதா என்று பின்னால் தேட அது உதவும்.

இதற்கு எக்செல் போதும். பங்கேற்பாளர், வரி எண், மூல வாசகம், கோட், குறிப்பு என ஐந்து நெடுவரிசைகள். ஒரே வாசகத்துக்கு இரண்டு கோட் இருந்தால் இரண்டு வரிசையாக எழுதுங்கள். மூல வாசகத்தை வெட்டும்போது முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் சேர்த்தே எடுங்கள். "ரெண்டு வாய் தின்னுட்டுப் போயிரலாம்" என்று மட்டும் வெட்டினால், இரண்டு வாரம் கழித்து அது நாக்கு ருசி பற்றிய வாசகமாகத்தான் தோன்றும்.

12 நேர்காணலும் முடியும்போது கோட்கள் நூற்றுக்கு மேல் போகலாம். பதற வேண்டாம். கடைசியில் கோட் போட்டவை பொதுவாகக் கூர்மையாகவும் முதலில் போட்டவை தட்டையாகவும் இருக்கும். அதனால் முதல் மூன்று நேர்காணல்களை மட்டுமாவது திரும்ப எடுத்துப் புதிதாகக் கோட் போடுங்கள். முதல் சுற்றை வரிசையாகச் செய்திருந்தால், இரண்டாம் சுற்றைக் கடைசி நேர்காணலிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் பிறகு, சொல் வேறானாலும் பொருள் ஒன்றான கோட்களை இணையுங்கள்.

அடுத்தது தீம். பலர் இங்கே கோட்களைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறார்கள். மருமகள், மகன், கணவர் வரும் கோட்கள் எல்லாம் "குடும்பம்" பெட்டிக்குள் போய்விடும். ஆனால் அவற்றுக்குள் ஒற்றுமை இருக்காது. ஒருவருக்கு மகன் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறான், இன்னொருவர் மருமகளிடம் சொல்லக் கூசுகிறார். இரண்டிலும் குடும்பம் வருகிறது என்பதைத் தவிர வேறு என்ன பொதுவாக இருக்கிறது? இப்படிப்பட்ட பெட்டியைத் தலைப்புச் சுருக்கம் என்றுதான் சொல்ல முடியும். தீம் என்றால் அதற்குள் இருக்கும் கோட்களை ஒரே கருத்து கட்டிப்போட வேண்டும், அந்தக் கருத்தை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும்.

கோட்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பிப் பாருங்கள். பங்கேற்பாளர் 4-ன் பயண மாத்திரையும் கல்யாண வீட்டு இனிப்பும் பழைய முறையில் "வெளியூர்", "உணவு" என்று இரண்டு மூலைக்குப் போயிருக்கும். இப்போது அவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டிலும் அவர் செய்வது ஒன்றுதான்: நோய் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறார். மருமகளிடம் சொல்லாததும் அங்கே வந்து சேரும். ஆகவே முதல் வரைவு, "நோயை மறைக்கவே மாத்திரையை விடுகிறார்கள்" என்று அமையும்.

இந்த வரைவோடு எழுதப் போய்விடாதீர்கள். சரிபார்த்தலில்தான் ஆய்வு ஆழப்படுகிறது. தீமுக்குள் வந்த வாசகங்களை மட்டும் ஒன்றாக எடுத்து முதலில் படியுங்கள். பிறகு 12 டிரான்ஸ்கிரிப்ட்டையும் மறுபடி படித்து, தீமுக்கு எதிராகப் பேசுபவரைத் தேடுங்கள். பங்கேற்பாளர் 9 இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எங்க போனாலும் சுகர்னு முன்னாடியே சொல்லிருவேன். சொன்னாத்தான் வேளைக்குச் சோறு வரும்." இவர் மறைக்கவில்லை, மாத்திரையையும் விடவில்லை. "விதிவிலக்கு" என்று இவரை ஓரம் கட்டுவது பெரிய இழப்பு. இவரையும் நான்காம் பங்கேற்பாளரையும் சேர்த்துப் பார்த்தால் இருவருமே ஒரு கணக்குப் போடுவது தெரியும். நோய் வெளியே தெரிந்தால் எனக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்ற கணக்கு அது. ஒருவருக்கு மரியாதை போகிறது, மற்றவருக்கு வேளைச் சோறு கிடைக்கிறது.

ஆக, தீம் மாறுகிறது: "யாருக்குத் தெரியலாம் என்ற கணக்கில் மாத்திரையும் அடங்குகிறது." இது முதல் வரைவைவிட அகலமானது. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதும் இதுதான். தொந்தரவு இல்லாததை நலம் என எடுத்துக்கொள்ளும் கோட் இதற்குள் வராது. வலிந்து திணிக்க வேண்டாம், வேறு தீமில் அதற்கு இடம் தேடுங்கள். ஒவ்வொரு தீமுக்கும் எது உள்ளே, எது வெளியே என்று ஐந்தாறு வரியில் வரையறை எழுதுங்கள். அதை எழுத முடியாமல் இழுத்தால் தீம் இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். 12 நேர்காணலுக்கு மூன்று அல்லது நான்கு தீம் போதும். எட்டு, ஒன்பது வந்தால் அவற்றில் பல இன்னும் கோட் நிலையிலேயே இருக்கின்றன.

முறையியல் இயலில் ஆறு கட்டங்களின் பொது விளக்கத்தை நகலெடுத்து வைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் செய்ததை எழுதுங்கள். மேலே சொன்னதுபோல் ஒரு தீம் ஏன் மாறியது என்ற ஒரே ஒரு வரலாற்றை முழுமையாகக் காட்டினால் தேர்வாளர் நம்புவார். "தரவிலிருந்து தீம்கள் எழுந்தன" என்ற வாக்கியம் வேண்டாம். பிரவுனும் கிளார்க்கும் இதைத் தொடர்ந்து மறுத்து வருகிறார்கள். தீம்களை உருவாக்கியது நீங்கள், அதனால் எந்த இடத்திலிருந்து வாசித்தீர்கள் என்பதையும் ஒரு பத்தியில் சொல்ல வேண்டும். நீங்கள் செவிலியர் என்றால் மாத்திரையை விடுவதைத் தவறாகப் பார்க்கும் பழக்கம் உங்கள் கோடிங்கில் படிந்திருக்கும். இருவர் கோட் போட்டு ஒப்புமை எண் கணக்கிடும் முறையும் உண்டு, ஆனால் அது முன்கூட்டியே கோட் புத்தகம் வகுத்துக்கொள்ளும் வேறு வகைப் பகுப்பாய்வுக்குப் பொருந்துவது. இங்கே அதைச் சேர்த்தால் இரண்டு கொள்கைகள் மோதும்.

முடிவுகள் இயலில் ஒவ்வொரு பத்தியும் உங்கள் கூற்றில் தொடங்கட்டும். பிறகு மேற்கோள், பிறகு அந்த மேற்கோளின் எந்தச் சொல் கூற்றைத் தாங்குகிறது என்ற விளக்கம். இப்படி:

"பயணத்தில் மாத்திரையை விடுவதை மறதி என்று பங்கேற்பாளர்கள் சொல்லவில்லை. 'எல்லாரு முன்னாடியும் எப்படிப் போடறது?' என்று கேட்கிறார் பங்கேற்பாளர் 4. இங்கே 'எப்படி' என்பது வழி கேட்கும் சொல்லாக வரவில்லை, முடியாது என்பதைக் கேள்வியாகச் சொல்கிறது. மாத்திரை போடுவது அவருக்குத் தனியாகச் செய்ய வேண்டிய காரியம். கூட்டம் நிறைந்த உறவினர் வீட்டில் அந்தத் தனிமை கிடைப்பதில்லை."

மேற்கோளுக்குக் கீழே "இதிலிருந்து அவர் மாத்திரை போடுவதில்லை என்று தெரிகிறது" என்று எழுதினால் அது மேற்கோளைத் திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடும். எழுதி முடித்ததும் மேற்கோள்களை எல்லாம் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். வாதம் தொடர்ச்சியாக நின்றால் சரி. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் வெறும் மேற்கோள் தொகுப்புதான் கையில் இருக்கிறது, வரையறைப் பத்திகளை மறுபடி எழுத வேண்டியிருக்கும். பின்னிணைப்பில் ஒரு தீமுக்கான வாசகம், கோட், தீம் அட்டவணையை ஒரு பக்கத்துக்கு வையுங்கள். வைவாவில் "இந்தத் தீம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.