அரபிச் செய்தியை ஷேடோயிங் செய்வது: மெதுவிலிருந்து முழு வேகத்துக்கு

கேள்வி: கீழக்கரையில் ஓதிப் படித்தவன். குர்ஆன் தஜ்வீத் என்ற உச்சரிப்பு விதிகளோடு ஓதுவேன், கொஞ்சம் நஹ்வு இலக்கணமும் தெரியும். மெதுவான அரபி கிளிப் புரிகிறது. செய்திச் சேனலைப் போட்டால் ஒன்றும் பிடிபடவில்லை. கேட்கக் கேட்கக் கூடவே திருப்பிச் சொல்லும் ஷேடோயிங் செய்து முழு வேகத்துக்கு எப்படிப் போவது?

நானும் பக்கத்து ஊர்க்காரன்தான், பெரியபட்டினம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி பிடிபடாததற்கு முக்கியக் காரணம், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. படிப்பவர்களுக்கென்று பேசிய மெதுவான கிளிப்பில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவார்கள். ‘வஸீர், அல்காரிஜிய்யா, அல்மிஸ்ரி, ஃபீ, அல்காஹிரா’ என்று பிய்த்துப் பிய்த்து வரும். எகிப்தின் வெளியுறவு அமைச்சர், கெய்ரோவில் என்று உடனே புரியும். செய்தி வாசிப்பவர் அதையே ‘வஸீருல்காரிஜிய்யத்தில்மிஸ்ரிய்யு ஃபில்காஹிரா’ என்று ஒரே மூச்சில் சொல்வார். ‘அல்’லில் உள்ள ‘அ’ போய்விட்டது, ‘ல்’ முந்தின சொல்லோடு ஒட்டிக்கொண்டது, ‘யா’ என்று முடிந்த இடத்தில் ‘த்’ முளைத்தது, நெடிலான ‘ஃபீ’ குறிலாகிவிட்டது. போதாததற்கு, நம் காதுக்கு அந்த ‘-த்தில்’ தமிழ் வேற்றுமை உருபு மாதிரியே கேட்கும்!

இந்த ஒட்டல் உங்களுக்குப் புதிதல்ல. ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ ஓதும்போது இதைத்தானே செய்கிறீர்கள்? ‘அல்லாஹி’யும் ‘அர்ரஹ்மானி’யும் சேர்ந்து ‘லாஹிர்ரஹ்மானி’ ஆகிறது, கடைசியில் வக்ஃபு செய்து நிறுத்தும்போது ‘ரஹீமி’யின் ‘இ’ உதிர்கிறது. சேர்த்து ஓதும் அதே வஸ்லும், நிறுத்தும் அதே வக்ஃபும்தான் செய்தியிலும். நீட்டி ஓதும் மத்தையும் மூக்கால் ஒலிக்கும் குன்னாவையும் மட்டும் பள்ளியிலேயே விட்டுவிடுங்கள். நாலு, ஆறு என்று நீட்டிக்கொண்டிருந்தால் வாசிப்பவர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

அதனால் மெதுவான கிளிப்பை ஒரு வாரத்தோடு நிறுத்திவிட்டு, நிஜச் செய்தியை எடுத்து நீங்களே வேகத்தைக் குறையுங்கள். அல் ஜஸீரா, பிபிசி அரபி எதுவானாலும் சரி. ஸ்டுடியோவில் ஒருவரே வாசிக்கும் முப்பது, நாற்பது நொடித் துண்டு போதும். யூடியூபில் வேகத்தை 0.75 வைத்தால் ஒட்டல் அப்படியே இருக்கும், கவனிக்க நேரம் மட்டும் கூடும். 0.5-க்குப் போகாதீர்கள், மெய்யெழுத்துகள் இழுபட்டு ஒலி குழம்பிக் கேட்கும்.

முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். அப்புறம் வாசகத்தை எழுதி எடுத்து, வாசிப்பவர் மூச்சு விடும் இடங்களில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில்தான் சொல்லின் கடைசி ஹரகத், அதாவது கடைசிக் குறில் ஒலி, உதிரும், கோடுகளுக்கு நடுவே எல்லாம் ஒரே சொல் மாதிரி ஓடும். 0.75-இல் தாளைப் பார்த்து, நிறுத்தாமல், ஒரு நொடி பின்தங்கிச் சொல்லிக்கொண்டே போங்கள். நாக்கு தடுக்காமல் வந்தபிறகு தாளை மூடிவிட்டு அதையே செய்யுங்கள். அதன்பின் 0.9, அப்புறம் 1. வேகம் ஏறும்போது கிளிப்பை மாற்ற வேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது தடுக்கிறது என்று தெரியாது.

ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டு உங்கள் குரலை போனில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குள்ளேயே செய்வது நல்லது. கடற்கரையில் கச்சான் காற்று அடித்தால் பதிவில் இரைச்சல்தான் மிஞ்சும். பதிவைக் கேட்கும்போது ‘ஹுகூமா’ மாதிரிச் சொற்களைக் கவனியுங்கள். அதில் உள்ள ‘க’ ‘அக்கா’வில் வருவதுபோல அழுத்தமாக இருக்க வேண்டும். ஓதும்போது சரியாக வருவது, வேகத்தில் தமிழ் நாக்குக்குத் திரும்பி ‘மகன்’ என்பதில் வரும் மெல்லிய ‘க’ ஆகிவிடும். பின்தங்கும் இடத்தையும் குறியுங்கள். பெரும்பாலும் எண்களில்தான் விழுவோம். 25 என்பதை ‘ஐந்தும் இருபதும்’ என்று ஒன்றின் இடத்தை முன்னால் சொல்வதால், இருபது வரும்வரை ஐந்தை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். எண்கள் வரும் வாக்கியங்களை மட்டும் வெட்டித் தனியாக 0.75-இல் ஓட்டுங்கள்.

பொருள் புரியாமலே கிளிப்பிள்ளையாகச் சொல்லிவிட முடியும் என்பதுதான் ஷேடோயிங்கில் உள்ள ஆபத்து. கிளிப் முடிந்ததும் யார், எங்கே, என்ன செய்தார் என்று தமிழில் இரண்டு வரி சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால் 1-இல் வாய் ஓடினாலும் 0.75-க்கே இறங்குங்கள். பழகிய கிளிப் முழு வேகத்தில் வந்ததை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். அதே விஷயத்தை வேறு சேனலில் வேறொருவர் வாசிப்பதை முதல் தடவையிலேயே பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள்.

தெருவில் மைக் நீட்டிப் பேட்டி எடுக்கும் பகுதியை இப்போதைக்குத் தள்ளிவிடுங்கள். அவர்கள் பேசுவது அந்தந்த நாட்டு வட்டார வழக்கு. குவைத்தில் கடையில் இருக்கும் நம் காக்காமார் பேசும் அரபியும் அப்படித்தான். செய்தியில் வரும் பொது எழுத்து வழக்கான ஃபுஸ்ஹாவைப் பழகி அதைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. வளைகுடா வேலைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், அந்த வழக்கில் பேசும் கிளிப்புகளை எடுத்து இதே முறையைத் தனியாகத் தொடங்க வேண்டும்.