சொந்த வேப்பமரத்தில் வாசக்கால்: எப்போது மருந்து, எப்போது பெயின்ட்?

கேள்வி: அயோத்தியாப்பட்டணம் பக்கம் வீடு கட்டுகிறோம். தோட்டத்து வேப்பமரத்தைத் தையில் வெட்டினோம். சுற்றளவு ஐந்து அடி, நீளம் பத்து அடி. ஒரு தலைவாசலும் மூன்று அறை நிலையும் வேண்டும். ஆவணியில் வாசக்கால் வைக்க நாள் குறித்தாகிவிட்டது. மூன்று மாதம் காய்ந்தால் போதும் என்கிறார் ஆசாரி. ஏற்காட்டுச் சொந்தக்காரர் சில்வர் ஓக் மரம் சும்மா தருகிறேன் என்கிறார். எதை நம்பலாம்?

பதில்: நான் சேலத்தில் மரவேலை பார்க்கிறேன். வேம்பை நம்புங்கள். சில்வர் ஓக்கை நிலைக்கு வைக்காதீர்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறவும் வளர்க்கிற மரம் அது. பெட்டி, பிளைவுட் என்றால் சரி. தரையையும் சுவரையும் தொட்டு நிற்கிற இடத்தில் ஈரமும் பூச்சியும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

முதலில் மரம் போதுமா என்று பார்ப்போம். சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் உங்கள் மரம் ஏறக்குறைய 15.6 கன அடி வருகிறது. ஏழடிக்கு நாலடி தலைவாசலை 5×4 அங்குலக் கட்டையில் செய்தால் 22 அடி ஓட்டம், சுமார் 3 கன அடி. அறை நிலைகள் 4×3 அங்குலத்தில் ஒவ்வொன்றுக்கும் 1.7 கன அடி என்று வைத்தால், எல்லாம் சேர்த்து 8 கன அடிக்குப் பக்கம். அறுப்பில் பாதி மரம் கழிந்தால் மட்டுமட்டாகத்தான் வரும், மீதம் இருக்காது. அதனால் மில்லில் நீங்களே நின்று அறுக்கச் சொல்லுங்கள்.

அங்கே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மரத்தின் நட்டநடுக் குருத்து எந்தக் கட்டைக்குள்ளும் சிக்கக் கூடாது. குருத்தை உள்ளே வைத்துக் காயும் கட்டை நீளவாக்கில் வெடிக்காமல் இருப்பது அபூர்வம். அடுத்து, பட்டையை ஒட்டிய வெளிறிய வெள்ளைப் பகுதி. நடு வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது, உளுப்பு வண்டோ வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடியே வரும். முடிந்தவரை வெள்ளையைக் கழித்துவிடுங்கள். கொஞ்சம் மிஞ்சினால் அதற்கு மருந்து இருக்கிறது. அளவு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

இனி மருந்து. இதில்தான் நிறையப் பேர் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். வெண்காரமும் போரிக் ஆசிடும் ஈரத்தில் கரைந்து ஈரத்தின் வழியாகவே மரத்துக்குள் நகரும். அறுத்த ஓரிரு நாளில், மரம் பச்சையாக இருக்கும்போதே தடவினால்தான் உள்ளே போகும். காய்ந்த பிறகு தடவினால் மேலோடு நின்றுவிடும். பத்து லிட்டர் சுடுநீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் ஆசிடும் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு எல்லாப் பக்கமும் சொட்டச் சொட்ட இரண்டு மூன்று முறை பூசுங்கள். பிறகு பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் விடுங்கள். நாலு அங்குலக் கட்டையின் நடு வரைக்கும் அது போகாது, ஆனால் பூச்சி தேடுவது வெள்ளையைத்தான், அதற்குள் போனால் போதும். மிச்சத் தண்ணீரை ஆடு மாடு குடிக்கும் இடத்தில் கொட்டிவிடாதீர்கள். மழை பட்டால் இந்த மருந்து கழுவிக்கொண்டு போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாலித்தீனை எடுத்த அன்றே அடுக்கிவிட வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல் அடுக்கி, கட்டைகளுக்கு இடையே ஓர் அங்குலக் குறுக்குச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றன் மேல் ஒன்று நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். கோடு தவறினால் கட்டை வளையும். மேலே கனமான கல். இரண்டு முனைகளிலும் பெயின்ட்டோ மெழுகோ கெட்டியாகப் பூச வேண்டும், ஏனென்றால் முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அங்கேதான் முதலில் வெடிக்கும். காற்று வரும் கொட்டகை நிழல்தான் சரி. சித்திரை வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வெளிப்பக்கம் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும்.

காய்ந்ததா என்பதைத் தட்டிப் பார்த்தோ நாள் எண்ணியோ சொல்ல முடியாது. எடை போட்டுத்தான் தெரியும். கூடுதலாக ஒரு கட்டையை அடுக்கில் வைத்து, அதன் முனையிலிருந்து ஓரடி தள்ளி, ஓர் அங்குலப் பருமனில் ஒரு வில்லை அறுங்கள். முனையில் எடுத்தால் ஏமாற்றிவிடும். உடனே எடை போடுங்கள், 290 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு மின் அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இனி குறையவில்லை என்று ஆகும்வரை காய வையுங்கள். 232 கிராமில் நின்றால், போன தண்ணீர் 58 கிராம். 58 ÷ 232, அதாவது 25 சதவீத ஈரம். சேலத்துக் காற்றுக்கு 12 சதவீதம் அளவில் வந்தால் நிலை செய்யலாம், அதாவது இந்த வில்லை அறுத்தவுடன் 260 கிராம்தான் இருந்திருக்க வேண்டும். சுமார் 28 சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். அங்கிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கும்போது ஐந்து அங்குல முகம் மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை குறுகலாம். ஈரக் கட்டையில் நிலை செய்து கதவை இழைத்துப் பொருத்தினால், அடுத்த கோடையில் கதவைச் சுற்றித் தெரியும் இடைவெளி இதுதான்.

உங்கள் ஆசாரி சொல்லும் மூன்று மாதம் மெல்லிய பலகைக்குப் பொருந்தலாம். ஆவணிக்கு ஏழு மாதம் இருந்தாலும் தலைவாசலின் நாலு அங்குலக் கட்டை தயாராகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, மூன்று அங்குலமும் சந்தேகம்தான். குறித்த நாளை மாற்ற வேண்டாம். பூஜை நடக்கப்போவது தலைவாசலுக்கு மட்டும்தானே? அதை மட்டும் பழைய வீட்டை இடித்த மரத்தில் செய்யுங்கள். தேக்கோ வேம்போ, ஆணி மீதமில்லாமலும் உளுத்த ஓட்டை இல்லாமலும் பார்த்து வாங்கினால் அது பல வருடம் காய்ந்த மரம். அறை நிலைகளுக்குச் சுவரில் திறப்பு மட்டும் விட்டுக் கட்டி, உங்கள் வேம்பு காய்ந்த பிறகு கிளாம்பு வைத்துப் பொருத்தலாம். இதில் இன்னொரு லாபம், சுவருக்கு ஊற்றும் தண்ணீர் அந்த மரத்தைத் தொடாது.

தலைவாசல் காலைத் தரைக்குள் புதைக்காதீர்கள். கருங்கல் படியின் மேல் நிற்கட்டும். தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீர் கால் முனையில் ஏறும், உளுத்துப்போகும் நிலைகளில் பெரும்பாலும் அந்தக் கீழ் அரை அடிதான் முதலில் போகும். பொருத்துவதற்கு முன்பே கால் முனையிலும் சுவரோடு ஒட்டும் பின்பக்கத்திலும் பிரைமரும் அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள், பின்னால் கை போகாது. கழிவு ஆயில் பூசச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மரத்துக்குள் அதிகம் இறங்காது, அதன் மேல் பெயின்ட்டும் பிடிக்காது.

குடி போன பிறகு முதல் மழைக்காலத்தில் நிலையின் அடியைப் பாருங்கள். டால்கம் பவுடர் போல மெல்லிய மாவு கொட்டியிருந்தால் அது வண்டு. அந்த ஓட்டைகளில் மருந்தை ஊசியால் ஏற்றலாம். மண் கோடு ஓடியிருந்தால் அது கரையான். அது மண்ணிலிருந்து ஏறி வருகிறது, மரத்தில் தடவிப் பயனில்லை, அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணுக்கு ஆள் வைத்து மருந்து விட வேண்டும்.